லோரி மாறவில்லை, பாலத்தின் மேல் இருக்கும் எடைதான் மாறுகிறது

கேள்வி: இரண்டே தாங்கிகள் உள்ள சாதாரணப் பாலத்தில் லோரி ஓடும்போது இரண்டு எதிர்விசையும் சீராகத்தானே மாற வேண்டும்? விடையில் வரைபடம் நடுவில் செங்குத்தாகத் தாவுகிறதே, ஏன்? லோரியின் எடை மாறவே இல்லையே?

நீங்கள் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வகுப்பில் ஒரே ஒரு சுமையைப் பாலத்தின் மேல் நகர்த்திக் காட்டியிருப்பார்கள். அதில் கோடு நேராகத்தான் வரும். இருவர் தோளில் கம்பு வைத்து மூட்டை தூக்கும்போது, மூட்டை யார் பக்கம் நகர்கிறதோ அவர் தோளில் பாரம் ஏறும், மற்றவருக்கு அதே அளவு குறையும். கணக்கு இவ்வளவுதான்:

ஒரு தாங்கியின் எதிர்விசை = சுமை × எதிர்த் தாங்கியிலிருந்து அதன் தூரம் ÷ பாலத்தின் நீளம்

ஆனால் லோரி ஒரு மூட்டை அல்ல. அச்சு ஒவ்வொன்றும் ஒரு சுமை, அவை பாலத்தில் ஒன்றாக ஏறுவதும் இல்லை, ஒன்றாக இறங்குவதும் இல்லை. தாவல் அங்கேதான் பிறக்கிறது.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. பட்டர்வொர்த் பக்கம் ஒரு சைட்டில் டெக்னீஷியனாக இருந்தேன். சாலைக்கும் சைட்டுக்கும் நடுவே பெரிய கால்வாய். மண் லோரி உள்ளே வருவதற்குத் தற்காலிகமாக ஒரு பாலம் போட்டிருந்தார்கள்: இரண்டு ஐ பீம், மேலே இரும்புத் தகடு, இரு முனையிலும் பீமுக்கு அடியில் குறுக்கே கனமான மரக்கட்டை. தாங்கிக்குத் தாங்கி 12 மீட்டர். "லோரி 15 டன், ஆளுக்குப் பாதி, ஒரு முனைக்கு ஏழரை டன், கட்டை தாங்கும்" என்று சூப்பர்வைசர் முடித்துவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை.

ஏன் என்று லோரியோடு கூடவே நடந்து பார்ப்போம். முன் அச்சில் 5 டன், பின் அச்சில் 10 டன், இரண்டுக்கும் இடையே 4 மீட்டர். மண் ஏற்றிய லோரியில் பாரம் பெரும்பாலும் பின்னால்தான். சாலைப் பக்கத்திலிருந்து ஏறுகிறது.

முன் சக்கரம் சாலைப்பக்கத் தாங்கிக்கு மேல் வந்ததும் அந்தத் தாங்கியில் 5 டன், எதிரில் ஒன்றும் இல்லை. முன் அச்சு 4 மீட்டர் உள்ளே போவதற்குள் சாலைப்பக்கம் 3.33 டன்னுக்கு இறங்குகிறது, சைட் பக்கம் 1.67 டன்னுக்கு ஏறுகிறது. இதுவரை பின் சக்கரம் சாலையில்தான் நிற்கிறது. அந்த 10 டன்னைத் தரை சுமக்கிறது, பாலத்துக்கு அதில் பங்கில்லை. அடுத்த கணம் பின் சக்கரம் தாங்கிக்கு மேல் வருகிறது. சாலைப்பக்க எதிர்விசை 3.33-லிருந்து 13.33 டன்னுக்கு ஒரே தாவலாக ஏறுகிறது. சைட் பக்கம் அந்தக் கணத்தில் அசையவே இல்லை, அதே 1.67. சரிதானா என்று பார்க்க இரண்டையும் கூட்டுங்கள், 15 வர வேண்டும்.

உங்கள் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. இரண்டு எதிர்விசையும் சேர்ந்து ஈடுகட்டுவது லோரியின் எடையை அல்ல, அந்தக் கணத்தில் பாலத்தின் மேல் இருக்கும் எடையை.

இரண்டு அச்சும் பாலத்தில் இருக்கும்வரை மாற்றம் சீரானதுதான். லோரி மீட்டருக்கு மீட்டர் நகர, 1.25 டன் இந்தப் பக்கம் குறைந்து அந்தப் பக்கம் கூடுகிறது. 15 டன்னை 12 மீட்டரால் வகுத்தால் வருவது அதுவே. சூப்பர்வைசர் சொன்ன ஏழரைக்கு ஏழரை ஒரே ஓர் இடத்தில்தான் வரும். லோரியின் எடைமையம் பாலத்தின் நடுவில் நிற்கும்போது, அதாவது முன் அச்சு 8.67 மீட்டரில் இருக்கும்போது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முன் அச்சு சைட் பக்கத் தாங்கிக்கு மேல் வரும்போது அங்கே 11.67, சாலைப்பக்கம் 3.33. அச்சு இறங்கிய கணத்தில் அந்த 11.67 சட்டென்று 6.67 ஆகிறது. பின் அச்சு நெருங்க நெருங்க மறுபடி ஏறி 10-ல் நிற்கிறது. அதுவும் இறங்கியதும் பூஜ்யம்.

இப்போது இரண்டு முனைகளின் உச்சத்தையும் பாருங்கள்: சாலைப்பக்கம் 13.33, சைட் பக்கம் 11.67. ஒரே லோரி, ஒரே பாலம், ஆனால் ஏறும் பக்கத்துக்கு அடி அதிகம். காரணம், கனமான பின் அச்சு நேராகத் தாங்கிக்கு மேல் நிற்கும்போது முன் அச்சும் இன்னும் பாலத்திலேயே இருக்கிறது. இறங்கும் பக்கத்தில் பின் அச்சு தாங்கிக்கு மேல் வரும்போது முன் அச்சு தரைக்குப் போயிருக்கும்.

சைட்டில் நடந்ததும் அதுதான். கொஞ்ச நாளில் சாலைப்பக்கக் கட்டை நசுங்கத் தொடங்கியது. பீமின் கீழ்த்தகடு கட்டைக்குள் ஒரு விரல் கனம் அமுங்கி, ஓரத்தில் நார் நாராகப் பிதுங்கி நின்றது. சைட் பக்கக் கட்டையில் தழும்பு மட்டும். கட்டை மட்டமான சரக்கு என்று சூப்பர்வைசர் மண்டோரைத் திட்டினார். இரண்டும் ஒரே மரத்திலிருந்து அறுத்தவை. நான் டெலிவரி ஆர்டர் தாளின் பின்புறம் மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டினேன். லோரி திரும்பிப் போகும்போது காலி. முன்னால் 3, பின்னால் 3 என்று வைத்தாலும் சைட் பக்கம் ஏறும்போது 5 டன்தான் வருகிறது. ஆக, பெரிய அடி எப்போதும் ஒரே முனைக்கு. பீமைத் தூக்கி, கட்டைக்கு மேல் அகலமான இரும்புத் தட்டு வைத்து, கட்டைகளையும் இரட்டிப்பாக்கினார்கள். அதற்கப்புறம் அமுங்கவில்லை. அறிக்கையில் இது சூப்பர்வைசரின் யோசனையாகப் போனது. அது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி வேலை வாங்கிய மிகைநேரப் பணத்தையே அந்தக் கம்பெனி மாதக்கணக்கில் இழுத்தடித்தது. டிப்ளோமாக்காரன் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்", டிகிரிக்காரன் கேட்டால் அன்றே செக். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இனி, படித்தவர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் சொந்த எடையை நான் விட்டது தெரிந்தேதான். அது இரு முனைக்கும் பாதி பாதியாக எப்போதும் இருக்கும், லோரியோடு மாறாது, கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். டயர் தரையைத் தொடும் இடம் ஒரு புள்ளி அல்ல, ஆகவே நிஜத்தில் தாவல் முழுச் செங்குத்தாக இருக்காது, சில அங்குல தூரத்தில் நடக்கும் மிகச் செங்குத்தான ஏற்றமாக இருக்கும். தகட்டின் விளிம்பில் சக்கரம் இடித்து ஏறினால் அதிர்வால் இன்னும் கூடும். பினாங்குப் பாலத்தின் நடுப்பகுதி மாதிரி கேபிளில் தொங்கும் பாலத்துக்கும், பல தாங்கிகள் மேல் தொடர்ச்சியாகப் போகும் பாலத்துக்கும் இந்த எளிய கணக்கு பொருந்தாது.

தேர்வில் வரையும்போது முன் அச்சின் இடத்தைக் கிடைக்கோட்டில் வைத்து 0, 4, 12, 16 மீட்டர் என்ற நான்கு இடங்களைக் குறியுங்கள். அந்த நான்கிலும் தாவலுக்குச் சற்று முன், சற்றுப் பின் என இரண்டு மதிப்பு எழுதி நேர்கோட்டால் இணைத்தால் வேலை முடிந்தது. பாலத்தில் இருபக்கமும் சுமையோடு வண்டி ஓடும் என்று கேள்வியில் இருந்தால், இரண்டு தாங்கிக்கும் 13.33-ஐயே எடுங்கள்.