சங்க் காஸ்ட்டும் அப்பாவோட ஆர்ட் கார்டும்

அன்புள்ள சார், சிஎம்ஏ இன்டர் ரெண்டாவது அட்டெம்ப்ட் எழுதறேன். காஸ்ட் கிளாசிஃபிகேஷன் கேள்வில எப்பவும் குழம்புது. ஸ்டோர்ல ஏற்கனவே வாங்கி வச்ச மெட்டீரியல் டைரக்ட் காஸ்ட்டா, சங்க் காஸ்ட்டா, ஆப்பர்சூனிட்டி காஸ்ட்டா? சூப்பர்வைசர் சம்பளம் எதுல வரும்? எது எதுல போகும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்தா மனப்பாடம் பண்ணிக்குவேன்.
– ஒரு வாசகர், மதுரை

தம்பி,

லிஸ்ட் தரமாட்டேன். ரெண்டாவது அட்டெம்ப்ட் வந்ததே அந்த லிஸ்ட்டாலதான்னு நினைக்கிறேன். கோவிச்சுக்காதீங்க, இந்த வாரம் பூரா எனக்கும் இதே நினைப்புதான், பழைய வீட்டு பரண்ல அப்பாவோட பிரஸ் கணக்கு நோட்டு கிடைச்சுது, அதனாலதான் உங்க லெட்டரை எடுத்தேன்.

சிவகாசில எங்களுக்கு சின்ன ஆஃப்செட் பிரஸ். 2009ல ஒரு பார்ட்டி ஆர்டர் சொல்லிட்டு கைவிட்டுட்டாரு, அட்வான்ஸும் கிடையாது. அவருக்காக வாங்கின 500 கிலோ ஆர்ட் கார்டு மாட்டிக்கிச்சு. கிலோ 60 ரூபா, மொத்தம் 30,000. ஒவ்வொரு கட்டு மேலயும் நீலப் பென்சிலால 60, 60னு அப்பா எழுதி வச்சிருந்தாரு. ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் வந்து, இந்தப் பேப்பர்லயே ஒரு வேலை இருக்கு, எல்லாம் சேத்து 28,000 தரேன்னாரு. அப்பா உக்காந்து கணக்குப் போட்டாரு. பேப்பர் 30,000, பிளேட்டும் மையும் 5,000, மெஷின்மேன் சம்பளம் 3,000, மெஷின் தேய்மானம் 4,000, கரண்ட் 1,000. ஆக 43,000. "பதினஞ்சாயிரம் கைநட்டம், எனக்கென்ன கிறுக்கா?"ன்னு அனுப்பிட்டாரு.

இங்கதான் நிதானமா வாங்க. அந்த 30,000, ஆர்டரை எடுத்தாலும் போச்சு, எடுக்கலைன்னாலும் போச்சு. அதான் சங்க் காஸ்ட். கவனிங்க, சங்க் ஆனது கொடுத்த விலை, பேப்பர் இல்ல. பேப்பர் கண்ணு முன்னாடி கிடக்கு, அதை பழைய பேப்பர் கடைக்குப் போட்டா கிலோ 8 ரூபா, 4,000 வரும். இந்த வேலைக்கு எடுத்தா அந்த 4,000 கிடைக்காம போகும், அதான் ஆப்பர்சூனிட்டி காஸ்ட். எந்தப் பேரேட்லயும் இது இருக்காது, ஆனா முடிவுக்கு இதுதான் வேணும். மெஷின்மேனுக்கு மாசச் சம்பளம், இந்த வேலைக்கு ஆகியிருக்கற நாலு நாளும் சும்மா நியூஸ்பேப்பர் படிச்சுட்டுதான் இருந்தாரு, அதனால அவருக்கு சுழி. தேய்மானம் வருஷக் கணக்குல வர்றது, ஓடினாலும் ஓடாட்டியும் அதேதான், சுழி. கூட ஓடறதால ஏறுற கரண்ட் மட்டும் 1,000. ஆக 4,000, 5,000, 1,000, மொத்தம் 10,000. அப்பா திருப்பி அனுப்பினது 18,000 ரூபா லாபம்!

இதுல உங்க தலைவலி எங்க இருக்குன்னு தெரியுதா? மெஷின்மேன் அந்த வேலைக்கு டைரக்ட்தான், ஆனா இந்த முடிவுக்கு அவர் செலவு தேவையே இல்ல. கரண்ட் இன்டைரக்ட், ஆனா அது வேணும். டைரக்ட், இன்டைரக்ட்ங்கறது எந்த வேலை மேல நேரா எழுத முடியும்ங்கற கேள்வி. சங்க், ஆப்பர்சூனிட்டிங்கறது இப்ப எடுக்கற முடிவால எது மாறும்ங்கற கேள்வி. ரெண்டையும் ஒரே பெட்டில போட்டு அடுக்கப் பாத்தா குழம்பாம என்ன பண்ணும்?

இன்னொரு இடம், எக்ஸாம்ல கரெக்டா இங்கதான் மாட்டுவீங்க. கைல அட்டைப்பெட்டி ஆர்டர் ஒண்ணு இருக்கு, அதுக்கு கிலோ 45 ரூபா போர்டு வாங்கணும், இந்த ஆர்ட் கார்டையே அதுக்கு போட்டுக்கலாம்னு வச்சுக்குங்க. இப்ப 500 கிலோவுக்கு 22,500 மிச்சமாகும். ஆப்பர்சூனிட்டி காஸ்ட் 4,000ம் 22,500ம் சேத்து 26,500ன்னு எழுதறாங்க பாருங்க, பேப்பரைத் திருத்தறப்ப எனக்கு கண்ணுல தண்ணியே வரும். ஒரு பேப்பரை எடைக்கும் போட்டு பெட்டியும் பண்ண முடியுமா? கைவிட்டதுல பெரியது ஒண்ணு மட்டும்தான், 22,500. அப்ப மொத்தம் 28,500, 28,000க்கு எடுக்கக்கூடாது. அப்பா அனுப்பினது அப்ப சரியாயிருக்கும், ஆனா அவர் சொன்ன காரணத்துக்காக இல்ல. மெஷின் ஃபுல்லா ஓடிட்டிருந்தா விட்ட வேலையோட கான்ட்ரிபியூஷனும் சேரும், அதை புக்ல பாத்துக்குங்க.

சூப்பர்வைசர் சம்பளமா? டிபார்ட்மென்ட்டுக்கு டைரக்ட், தனித்தனி ஜாபுக்கு இன்டைரக்ட், அவ்ளோதான், அதுல நேரம் போக்காதீங்க.

அந்த ஐப்பசி மழைல அட்டை ஓரமெல்லாம் நெளிஞ்சு போச்சு. எடைக்காரர் ஈரம்னு சொல்லி கிலோ 5 ரூபாதான் கொடுத்தாரு. தராசுல ஏத்தறப்ப அப்பா கட்டு மேல இருந்த 60ஐ துண்டால தேச்சு அழிச்சுக்கிட்டே இருந்தாரு, நீலப் பென்சில் போகவே இல்ல.