டார்ட்மண்டில இருந்து மதுரை டெய்லருக்கு ப்ளவுஸ் அளவு

"அக்கா, டார்ட்மண்ட் வந்து நாலு மாசம் ஆச்சு. அளவு ப்ளவுஸை ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன், கையில இருக்குற ஒண்ணும் அக்குள்ல பிடிக்குது. இங்க ஹம் ஊர் கோயில் தேர்த் திருவிழாவுக்குள்ள ரெண்டு ப்ளவுஸ் வேணும், மதுரை டெய்லர் அண்ணன் வாட்ஸாப்ல அளவு அனுப்பச் சொல்றாரு. மார்பு, ஷோல்டர், கை நீளம், ஆர்ம்ஹோல் எல்லாம் எப்படி எடுக்கிறது? அக்குள் பிடிக்கிறதுக்கு ஆர்ம்ஹோலை இறக்கி வெட்டச் சொல்லலாமா?"

இறக்கி வெட்டச் சொல்லாதீங்கம்மா, முதல்ல அதைச் சொல்லிடறேன், ஏன்னா நான் இங்க வந்த புதுசுல இதையேதான் செஞ்சேன். கை பிடிக்குதுன்னு போன்ல சொல்லி ஒரு இஞ்ச் இறக்க வச்சேன், ஊர்ல இருந்து வந்தவங்க பெட்டியில ப்ளவுஸ் வந்து சேர்ந்துச்சு, போட்டுப் பார்த்தா கையைத் தொங்க விட்டா நல்லா இருக்கு, தலையில பூ வைக்க கையைத் தூக்கினா மொத்த ப்ளவுஸும் மேல ஏறிடுது. பட்டு ப்ளவுஸ், ஒண்ணும் செய்ய முடியல. ஆர்ம்ஹோல் ஆழமா இருந்தா கை துணி உடம்போட கீழ்ல இருந்துதான் தொடங்கும், அப்ப கையைத் தூக்கும்போது சைடு துணியையும் சேர்த்துத்தான் இழுத்துட்டுப் போகும். அக்குளுக்குக் கிட்டத்துல தையல் நின்னாத்தான் கை தனியா அசையும்.

அதனால உங்க ப்ளவுஸ் எங்க பிடிக்குதுன்னு மொதல்ல கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க. கையைத் தொங்க விட்டிருக்கும்போதே அக்குளுக்கு நேர் கீழ தையல் அறுக்குது, கழட்டினா அங்க சிவப்பா கோடு இருக்குன்னா ஆழம் பத்தலன்னு அர்த்தம், அதுக்கு மட்டும்தான் கால் இஞ்ச் இறக்கலாம். கையை முன்னாடி நீட்டும்போது புஜத்துல இறுக்குது, முன்பக்கம் அக்குள் ஓரத்துல இருந்து மார்பு பக்கமா சுருக்கம் ஓடுதுன்னா அது கை லூஸ் பத்தாததும் முன்பக்கத் துணி பத்தாததும். அதுக்கு கையை அகலமா வெட்டணும், சைடைப் பிரிச்சு விடணும். ஆர்ம்ஹோலை இறக்கினா ஒண்ணும் சரியாகாது. நாலு மாசத்துல குளிர்ல கொஞ்சம் எடை போட்டிருந்தா பெரும்பாலும் ரெண்டாவதாத்தான் இருக்கும்.

இப்ப அளவு எடுக்கிறது. இங்க கிடைக்கிற டேப்ல நிறைய ரெண்டு பக்கமும் சென்டிமீட்டர்தான் இருக்கும், அண்ணனுக்கு இஞ்ச்லதான் அனுப்பணும். சென்டிமீட்டரை எழுதி வச்சுட்டு 2.54 ஆல வகுத்து பக்கத்துல இருக்குற கால் இஞ்சுக்குக் கொண்டு வாங்க, ரெண்டையும் சேர்த்தே அனுப்புங்க, வகுக்கிறதுல தப்பு வந்தாலும் அவர் கண்டுபிடிச்சிடுவார். தெர்மலும் ஸ்வெட்டரும் போட்டுட்டு அளவு எடுக்காதீங்க, ஹீட்டரைக் கூட்டி வச்சுட்டு, தேருக்கு எந்த பிரா போடுவீங்களோ அதை மட்டும் போட்டுட்டு எடுங்க. பிரா மாறினா மார்பு அளவும் மாறும், மார்பு நிக்கிற இடமும் மாறும். டேப்பை இன்னொருத்தங்க பிடிக்கணும், நீங்களே குனிஞ்சு பார்த்தா ஷோல்டர் அளவு நிச்சயமா தப்பா வரும்.

மார்புக்கு எல்லாரும் ஒரே அளவுதான் அனுப்புறாங்க, நீங்க ரெண்டு அனுப்புங்க. ஒண்ணு, மார்பு அதிகமா எடுப்பா இருக்குற இடத்துல சுத்தி, முதுகுல டேப் கீழ இறங்காம நேரா. இன்னொண்ணு மேல் மார்பு, அதாவது ரெண்டு அக்குளுக்கும் கீழ ஒட்டி, மார்புக்கு மேலயே சுத்துறது. மூச்சை இழுத்துப் பிடிக்காம சாதாரணமா நில்லுங்க. டேப்புக்குள்ள ரெண்டு விரல் விட்டு எடுக்கிற பழக்கம் இருந்தா அதை இங்க செய்யாதீங்க, லூஸை டெய்லர் கூட்டிக்குவார், நீங்களும் கூட்டி அவரும் கூட்டினா ப்ளவுஸ் தொளதொளன்னு வந்து நிக்கும்.

இந்த மேல் மார்பு எதுக்குன்னா, ஆர்ம்ஹோல் ஆழத்தை நிறைய டெய்லருங்க உடம்புல எடுக்கிறதே இல்ல, மார்பு அளவுல இருந்து கணக்குப் போடுவாங்க. மார்பை 4 ஆல வகுத்து ஒன்றரை இஞ்ச் கழிக்கிறது அதுல ஒரு கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். என்னோட அளவையே சொல்றேன் பாருங்க. மார்பு 94 சென்டிமீட்டர், 37 இஞ்ச். 4 ஆல வகுத்தா ஒன்பதேகால், ஒன்றரை போனா ஏழே முக்கால். மேல் மார்பு 89, அதாவது 35 இஞ்ச், அதே கணக்குல எட்டே முக்கால்ல ஒன்றரை போனா ஏழேகால். உடம்புல எடுத்துப் பார்த்தா 18.5 சென்டிமீட்டர், அதுவும் ஏழேகால்தான். மார்பு பெருசா, தோள் சின்னதா இருக்குறவங்களுக்கு மார்பு அளவை மட்டும் வச்சு கணக்குப் போட்டா ஆர்ம்ஹோல் எப்பவும் தேவைக்கு மேல இறங்கிடும். எனக்கு அரை இஞ்ச் இறங்கியிருந்துச்சு, அதுக்கு மேல நானே ஒரு இஞ்ச் இறக்கச் சொன்னா என்ன ஆகும்னு பார்த்துக்கோங்க.

ஷோல்டரை முதுகுப் பக்கமா எடுங்க. தோள் முடியுற இடத்துல விரல் வச்சு கையைத் தூக்கி இறக்கினா ஒரு குழி தெரியும், அங்க இருக்குற எலும்பு முனைதான் புள்ளி. ரெண்டு பக்கமும் பொட்டு ஒட்டி அடையாளம் வச்சுக்கோங்க, மத்த அளவுக்கும் அதே புள்ளிதான் வேணும். இந்த முனையில இருந்து அந்த முனைக்கு, பின் கழுத்துக்குக் கீழ டேப் முதுகோட படிஞ்சு போகணும். எனக்கு 37 சென்டிமீட்டர், பதினாலரை இஞ்ச். பின் கழுத்து ஆழமா வைக்கிறதா இருந்தா அதையும் இதோட சேர்த்தே சொல்லிடுங்க, ஏன்னா ஆழக் கழுத்துக்கு முழு ஷோல்டரையும் வச்சா தோள்ல நிக்காம வழியும், டெய்லர் கொஞ்சம் குறைச்சு வெட்டுவார் இல்ல பின்னாடி நாடா வைப்பார்.

இனி ஆர்ம்ஹோல் ஆழம். பைஜாமா நாடா மாதிரி ஒரு கயிறை மேல் மார்பு எடுத்த அதே இடத்துல, ரெண்டு அக்குளையும் ஒட்டி, முதுகுல நேரா வர்ற மாதிரி கட்டுங்க. கையைத் தொங்க விட்டுட்டு நில்லுங்க, தோளை உயர்த்தக் கூடாது. பொட்டு வச்ச தோள் முனையில இருந்து முதுகுப் பக்கமா நேர் கீழ கயிறு வரைக்கும் எவ்வளவோ அதுதான் ஆழம். டேப்பை அக்குள் பக்கம் வளைச்சுடாதீங்க, நேரா இறங்கணும். சிலர் கழுத்து ஓரத்துல இருந்து எடுப்பாங்க, தோள் சரிவா இருக்குறதால ஒரு இஞ்சுக்கு மேலயும் கூட வித்தியாசம் வரும், அதனால "தோள் முனையில இருந்து கயிறு வரைக்கும், உடம்பு அளவு"ன்னு அப்படியே டைப் பண்ணி அனுப்புங்க. தையல் அக்குளுக்குக் கீழ எவ்வளவு தள்ளி நிக்கணும்னு அவர் அதுல கூட்டிக்குவார். அதோட ஆர்ம்ஹோல் சுத்தளவும் ஒண்ணு எடுங்க, அதே பொட்டுல ஆரம்பிச்சு முன்பக்கமா அக்குளுக்குள்ள போய் பின்பக்கமா பொட்டுக்கே வரணும், இறுக்காம. எனக்கு 41, பதினாறு இஞ்ச் சொச்சம். ஆழமும் சுத்தும் ரெண்டும் கையில இருந்தா ஒண்ணு தப்பானாலும் இன்னொண்ணு காட்டிக் கொடுத்துடும்.

கை நீளமும் அதே பொட்டுல இருந்துதான். குட்டைக் கைன்னா நேரா எடுத்தா போதும், முழங்கை வரைக்கும் வேணும்னா கையை லேசா மடக்கி வச்சு எடுங்க, நீட்டி வச்சு எடுத்தா மடக்கும்போது மேல ஏறும். கை முடியுற இடத்துல சுத்தளவு எடுக்கணும், புஜம் எங்க பருமனா இருக்கோ அங்கயும் ஒரு சுத்தளவு எடுக்கணும். நிறைய பேர் கடைசி சுத்தளவை மட்டும் அனுப்புறாங்க, முழங்கைக் கைக்கு அது பத்தவே பத்தாது, உங்க ப்ளவுஸ் புஜத்துல இறுக்குறதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம்.

உயரம், மார்புக்குக் கீழ சுத்து, தோள்ல இருந்து டாட் பாயிண்ட், முன் கழுத்து இதெல்லாம் அண்ணன் கேப்பார், அதுல பெரிய சிக்கல் இல்ல. ஆனா கையில இருக்குற ப்ளவுஸை தரையில விரிச்சு அளந்து அந்த நம்பரை உடம்பு அளவோட கலந்து அனுப்பிடாதீங்க. ப்ளவுஸ்ல ஏற்கனவே லூஸ் இருக்கு, அதை உடம்பு அளவுன்னு நினைச்சு அவர் மறுபடியும் கூட்டுவார். அதுவும் வேணும்னா தனியா ஒரு மெசேஜ்ல "இது ப்ளவுஸ் அளவு, புஜத்துல டைட்"னு எழுதி அனுப்புங்க.

சைடுல உள்பக்கமா ஒன்றரை இஞ்ச் துணி விடச் சொல்லுங்க, கை அடிப்பக்கத் தையல்லயும் அதே அளவு விடணும், சைடுல மட்டும் விட்டு கையில விடலன்னா பிரிக்கும்போது ரெண்டும் சேராது. துணி இருந்தா இங்க உள்ள ஆல்ட்டரேஷன் கடையிலயே பிரிச்சு விட்டுடுவாங்க, பேன்ட் உயரம் குறைக்கிற கடையா இருந்தாலும் நேர்த் தையல்தானே. ஆர்ம்ஹோல் மட்டும் அப்படி இல்ல, கம்மியா இருந்தா கால் இஞ்ச் வெட்டிக்கலாம், ஆழமா வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது. அதனால ஏழேகாலா ஏழரையான்னு சந்தேகம் வந்தா ஏழேகாலையே எழுதுங்க.

ரெண்டையும் ஒரே நேரத்துல தைக்கச் சொல்லாதீங்கம்மா. முதல்ல காட்டன்ல ஒண்ணு வரட்டும், போட்டுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிப் பாருங்க, கீழ் ஓரம் ஒரு இஞ்சுக்கு மேல ஏறுச்சுன்னா முன்னாடியும் சைடுலயும் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புங்க, பட்டுத் துணியில கத்திரி வைக்கிறது அதுக்கு அப்புறம்.