மென்பொருள் காட்டும் சதவீதம் சாட்சி ஆகுமா?

கேள்வி: நான் முதலாண்டு மாணவி. ஆங்கிலத்தில் நான் எழுதிக் கொடுத்த கட்டுரையில் 78 சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று மென்பொருள் காட்டுவதாகத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒரு வரிகூட நான் அப்படி எழுதவில்லை. தேர்வுக்கு இன்னும் 10 நாள்தான் இருக்கிறது. தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் இந்தக் கட்டுரைக்கு மட்டும் பூஜ்யமாம். இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை தேர்வு எழுத முடியாதாம். கையெழுத்துப் போட்டுவிடவா? நான்தான் எழுதினேன் என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்டால் அந்தத் தாள் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். அதற்குப் பிறகு மென்பொருளின் கணக்கு சரியா தவறா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. உங்கள் கோப்பில் நேர்மைக் குறைவு என்ற பதிவு தங்கிவிடும். பின்னால் வேறொரு கட்டுரையில் சந்தேகம் வந்தால் இதை முதல் குற்றமாக எண்ணி அடுத்ததற்குத் தண்டனையைக் கூட்டுவார்கள்.

உங்களைப் போலவே முதலாண்டில் இருந்த ஒரு மாணவி என்னிடம் வந்தாள். அடையாளம் தெரியாதபடி அவள் கதையைச் சொல்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

தூக்கமும் நினைவாற்றலும் பற்றி 1,800 சொல்லில் அவள் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். மென்பொருள் 82 சதவீதம் என்றது. என் மேசைக்கு வரும்போது கையில் ஒப்புதல் கடிதம் இருந்தது, தேதிகூடப் போட்டிருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. “தேர்வு போயிடுமேன்னு பயமா இருக்கு சார்” என்றாள். நான் அந்தத் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். அன்று மாலையே அவள் துறைக்கு எழுதியது இவ்வளவுதான்:

“கட்டுரை முழுவதும் நானே எழுதியது, குற்றச்சாட்டை மறுக்கிறேன். மென்பொருள் அளித்த முழு அறிக்கையையும், நான் மீறியதாகச் சொல்லும் விதியையும் எழுத்தில் தாருங்கள். என் தரப்பைக் குழுவின் முன் நேரில் விளக்கவும், கட்டுரை பற்றிய வாய்மொழிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் வாய்ப்புக் கேட்கிறேன். முடிவு வரும்வரை தேர்வு எழுத அனுமதியுங்கள். முடிவுக்குக் கட்டுப்பட்டு என் மதிப்பெண்களை அதுவரை நிறுத்திவைத்துக்கொள்ளலாம்.”

கடைசி வாக்கியம்தான் தேர்வைக் காப்பாற்றியது. தேர்வு எழுதவிட்டு முடிவை நிறுத்திவைத்தால் நிர்வாகத்துக்கு எந்த இழப்பும் இல்லை. அவள் மீது தவறு என்று தெரிந்தால் மதிப்பெண்ணை ரத்து செய்துகொள்ளலாம். ஆனால் எழுதவிடாமல் தடுத்துவிட்டுப் பிறகு அவள் நிரபராதி என்று தெரிந்தால், போன பருவத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. நீதிமன்றங்கள் இடைக்கால உத்தரவு கொடுக்கும்போது இந்த இரண்டு பக்கத்து இழப்பையும் எடைபோட்டுத்தான் பார்க்கும். அதையே நிர்வாகத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பல சமயம் நீதிமன்றம்வரை போக வேண்டியதே இல்லை.

விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது என்ற விதி பல்கலைக்கழக வழக்கு ஒன்றிலிருந்தே வலுப்பெற்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களை அவரை அழைத்துக் கேட்காமலே பறித்தது. 1723இல் இங்கிலாந்து நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆதாமைத் தண்டிக்கும் முன் கடவுளேகூட அவனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார் என்று அந்த வழக்கில் ஒரு நீதிபதி சொன்னதை இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆனால் அந்த உரிமையை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். தேர்வு முறைகேட்டுப் புகாரில் தண்டிக்கப்பட்ட ஒரு பொறியியல் மாணவர் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக இந்திய உச்ச நீதிமன்றம்வரை போனார். விசாரணை அறிக்கையின் நகலைத் தனக்குத் தரவில்லை என்பது அவருடைய குறைகளில் ஒன்று. வேண்டுமானால் அப்போதே கேட்டிருக்கலாமே என்று சொல்லி 1968இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதனால்தான் அறிக்கையை எழுத்தில் கேளுங்கள் என்கிறேன். தொலைபேசியிலோ வராந்தாவில் நின்றோ கேட்டதற்குப் பின்னால் சாட்சி இருக்காது.

சரி, இனி அந்த 78 சதவீதத்துக்கு வருவோம். கட்டுரையில் எவ்வளவு பகுதி இயந்திரம் எழுதியது போல் தோன்றுகிறது என்பதைத்தான் இத்தகைய எண் பொதுவாகக் காட்டுகிறது. நீங்கள் ஏமாற்றியிருக்க 78 சதவீத வாய்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. குழுவில் இருப்பவர்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடிக்கிறது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று தவறாகக் காட்டுகிறது என்று அந்த நிறுவனமே சொன்னது. 1,000 கட்டுரைகளில் 900 நேர்மையானவை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கருவி 81 நேர்மையான மாணவர்களைக் குற்றவாளியாகக் காட்டும். உண்மையாகவே ஏமாற்றிய 100 பேரில் 26 பேரைத்தான் பிடிக்கும். அதாவது மாட்டிக்கொண்ட 107 பேரில் 81 பேர் நிரபராதிகள். அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று அந்தக் கருவியை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். இப்போதைய கருவிகள் அதைவிடத் தேறியிருக்கலாம். இருந்தாலும் வெறும் எண்ணை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

உங்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்றால் இன்னொன்றையும் குழுவிடம் சொல்லுங்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல், 61 சதவீதம், தவறாகக் குறிக்கப்பட்டன. அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கத்தக்கது என்பதைப் பார்ப்பது இத்தகைய கருவிகளின் ஒரு முக்கிய வழி. பழகிய சொற்களில், பாடத்தில் சொல்லிக்கொடுத்த வாக்கிய அமைப்பில் கவனமாக எழுதுகிறவருடைய நடை ஊகிக்க எளிதாக இருக்கும். முதலாண்டு மாணவர்கள் அப்படித்தானே எழுதுவார்கள்!

கட்டுரையை வேறு நாலு கருவிகளில் போட்டு ‘பூஜ்யம்’ என்று வந்த பக்கத்தைக் கொண்டுபோகலாமா என்று அவளும் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். கருவியை நம்பக் கூடாது என்று வாதாடும்போது, நமக்குச் சாதகமான கருவியை மட்டும் நம்பச் சொல்ல முடியாது.

சட்டப்படி, தவறு செய்தீர்கள் என்று காட்ட வேண்டியவர் குற்றம் சொல்பவர். ஆனால் இத்தகைய விசாரணைகளில் ‘எது நடந்திருக்க அதிக வாய்ப்பு’ என்ற அளவுகோல்தான் பொதுவாக இருக்கும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் கட்டாயம் இல்லை. அதனால் சும்மா இருந்துவிட முடியாது, கட்டுரை வளர்ந்த விதத்தைக் காட்ட வேண்டும். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் `File > Version history > See version history` என்று போங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த வரி என்று எல்லாம் தெரியும். இன்றைக்கே அதைத் திரைப்பதிவு செய்து வையுங்கள். அந்தக் கோப்பில் இனி ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். கோப்பை நகலெடுத்தாலோ இறக்கி அனுப்பினாலோ பழைய வரலாறு கூடவே போகாது. பார்வையிடும் அனுமதி மட்டும் கொடுத்தால் குழுவுக்கும் அது தெரியாது, திருத்தும் அனுமதி கொடுப்பதோ ஆபத்து. அதனால் உங்கள் கணினியிலேயே அவர்கள் முன் திறந்து காட்டுங்கள். குரோம் உலாவி பார்த்த பக்கங்களின் பட்டியலை 90 நாள்தான் வைத்திருக்கும், அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். கைக்குறிப்புகளை மறுபடி அழகாக எழுத வேண்டாம், கசங்கியபடியே இருக்கட்டும்.

அவளுடைய வரலாற்றில் ஒன்பது நாள் வேலை தெரிந்தது. ஒரு சொல்லை நான்கு நாளாகத் தப்பாகவே எழுதிவந்து ஐந்தாம் நாள் திருத்தியிருந்தாள். ஆனால் ஆறாம் நாள் இரவு 600 சொற்கள் ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தன. பார்க்கிற யாருக்கும் எங்கிருந்தோ ஒட்டியது என்றுதான் தோன்றும். கேட்டேன். பயணத்தில் கைபேசிக் குறிப்பில் தட்டி, வீட்டுக்கு வந்ததும் ஒட்டினாளாம். அந்தக் குறிப்பு அதே தேதியோடு கைபேசியில் இருந்தது, பாதி வாக்கியங்களும் எழுத்துப் பிழைகளுமாக. குழு கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் விளக்கக் கடிதத்தின் இரண்டாம் பத்தியிலேயே அதை எழுதச் சொன்னேன். இலக்கணப் பிழை திருத்தும் கருவியை அவள் பயன்படுத்தியிருந்தாள், அதையும் எழுதினாள். உங்களிடமும் இப்படி எதாவது இருந்தால் மறைக்காதீர்கள். விதியில் அதற்குத் தடை இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்.

விசாரணை நாற்பது நிமிடம் நடந்தது. வழக்கறிஞர் பேச அங்கே இடம் இல்லை, பல கல்வி நிறுவனங்களில் அப்படித்தான். ஒரு பேராசிரியர், குறிப்பேட்டில் இருக்கிற ஒரு ஆய்வு அவள் எழுதிய கட்டுரையில் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறார். “அதில் 12 பேரைத்தான் சோதித்திருக்கிறார்கள், அதை வைத்து எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை” என்றாளாம். அதற்குப் பிறகு யாரும் சதவீதத்தைப் பற்றிப் பேசவில்லை என்று சொன்னாள். வாய்மொழிக் கேள்வியை நாமே கேட்டு வாங்கியது இதற்காகத்தான். எழுதியவருக்குத்தான் எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பது தெரியும். நீங்களும் போகும் முன் உங்கள் கட்டுரையை அப்படி ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள்.

அவள் தேர்வு எழுதினாள். முடிவு இரண்டு வாரம் கழித்து வந்தது: குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அதோடு நாங்கள் விடவில்லை. கோப்பிலிருந்து அந்தக் குறிப்பு நீக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம்.

உங்கள் விஷயத்தில் முடிவு பாதகமாக வந்தால், காரணங்களை எழுத்தில் கேட்டு, நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கான கெடு சில நாட்கள்தான் இருக்கும், விதிப்புத்தகத்தில் பாருங்கள். உள்வழியை முடிக்காமல் நீதிமன்றம் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேர்வு எழுதவே விடமாட்டோம் என்று எழுத்தில் சொன்னால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அந்தக் கடிதத்தோடு அன்றைக்கே உங்கள் ஊர் வழக்கறிஞரைப் பார்த்து இடைக்கால உத்தரவு கேளுங்கள். இப்போதைக்கு, மேலே சொன்ன கடிதத்தை இன்று மாலைக்குள் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒப்புதல் தாளைக் கிழித்துவிட வேண்டாம், கையெழுத்தில்லாமல் பத்திரமாக வையுங்கள். விசாரிக்கும் முன்பே முடிவெடுத்துவிட்டார்கள் என்று காட்ட அது பின்னால் உதவும்.