மூச்சில் ஏறும் ஹைட்ரஜன்: எவ்வளவு என்பதோடு எப்போது என்பதையும் பாருங்கள்

பால் ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு ஊதிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியவர்களில் சிலர் மூச்சுப் பரிசோதனை அறிக்கையையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அந்த அறிக்கைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கோளாறு வயிற்றில். மூச்சை ஊதச் சொல்கிறார்களே, ஏன்?

நம் உடலின் செல்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மாவுச்சத்தையோ சர்க்கரையையோ நொதிக்கவைக்கும்போதுதான் அது உருவாகிறது. அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக வெளியே வந்துவிடுகிறது. ஆகவே மூச்சில் ஹைட்ரஜன் ஏறினால், குடலில் எங்கோ ஓரிடத்தில் சர்க்கரையும் பாக்டீரியாவும் சந்தித்துவிட்டன என்று பொருள்.

பாலில் உள்ள லாக்டோஸை லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலிலேயே உடைத்துவிட்டால், பெருங்குடல் பாக்டீரியாவுக்கு மிச்சம் எதுவும் போகாது. நொதி குறைவாக இருந்தால் செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்கும், அங்கே நொதிக்கும். பாக்டீரியா மிகைப்பெருக்கத்தில் கதை வேறு. அங்கே சர்க்கரை கீழே இறங்குவதற்கு முன்பே, சிறுகுடலில் குடியேறிய பாக்டீரியா அதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டிலும் வெளியே வருவது ஒரே வாயுதான். சந்திப்பு எந்த இடத்தில் நடந்தது என்பதைக் கருவி காட்டாது. அதை நேரத்தை வைத்துத்தான் ஊகிக்கிறோம். இனி வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கும்.

25 கிராம் லாக்டோஸ் குடித்தேன். தொடக்கத்தில் 4, பிறகு அரை மணிக்கு ஒருமுறை 5, 7, 18, 41, 58, 52 பிபிஎம். இரண்டு மணி நேரம் ஆனதும் வயிறு கடமுட என்றது, பேதியும் ஆனது. அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று மட்டும் இருக்கிறது. பாலை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

உங்கள் எண்களைச் சேர்ந்தே படிப்போம். அடிப்படை அளவு 4 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு மூச்சுக் காற்றில் 4 பங்கு ஹைட்ரஜன். அதற்கு மேல் 20 ஏற வேண்டும், அதாவது 24-ஐத் தொட வேண்டும் என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 90-ஆவது நிமிடத்தில் 18 வந்திருக்கிறது. ஏற்றம் 14 மட்டுமே, இன்னும் போதாது. 120-ஆவது நிமிடத்தில் 41, ஏற்றம் 37. இங்கே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

முதல் ஒரு மணி நேரம் கோடு கிட்டத்தட்ட அசையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். லாக்டோஸ் சிறுகுடல் முழுவதையும் செரிக்காமல் கடந்து, பெருங்குடலுக்குள் நுழைந்த பிறகே வாயு கிளம்பியிருக்கிறது. கடமுட சத்தமும் பேதியும் அதே நேரத்தில்தான் வந்தன. எண், நேரம், தொந்தரவு மூன்றும் ஒத்துப்போகிற அறிக்கை இது. ஐயமில்லாமல் லாக்டோஸ் செரியாமைதான்.

உச்ச அளவு 58 என்பதைப் பார்த்து 'கடுமையான' கோளாறு என்று எண்ண வேண்டாம். இன்னொருவருக்கு 110 வரலாம், ஆனால் அவருக்குத் தொந்தரவே இல்லாமலும் போகலாம். உச்சத்தின் உயரம் அவரவர் பாக்டீரியாவையும் குடலின் வேகத்தையும் பொறுத்தது. வாயு ஏறியும் ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு லாக்டோஸ் செரிப்பதில்லை, அவ்வளவுதான். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருக்குச் சொல்ல முடியாது. பரிசோதனையின்போது தொந்தரவுகளை நேரத்தோடு குறித்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்தக் குறிப்பு இல்லாத அறிக்கையை நான் பாதி அறிக்கையாகவே எடுத்துக்கொள்வேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 25 கிராம் லாக்டோஸ் என்பது சுமார் அரை லிட்டர் பாலில் இருப்பது. அதை வெறும் வயிற்றில், தண்ணீரில் கரைத்து, ஒரே மூச்சில் குடித்திருக்கிறீர்கள். தினசரி வாழ்க்கையில் யாரும் அப்படிக் குடிப்பதில்லை. லாக்டோஸ் செரிக்காதவர்களில் பெரும்பாலோர் 12 கிராம் வரை, அதாவது ஒரு கோப்பைப் பால் அளவை, சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் பெரிய தொந்தரவின்றித் தாங்கிக்கொள்கிறார்கள். தயிரில் உள்ள பாக்டீரியாவே லாக்டோஸில் ஒரு பகுதியை உடைத்துவிடுவதால் அது இன்னும் எளிது. அடியோடு விட வேண்டாம், உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் பால் ஒத்துக்கொண்டு, சில மாதங்களாகத்தான் இந்தத் தொந்தரவு என்றால், சிறுகுடலின் உட்சுவரே பாதிக்கப்பட்டிருக்கலாம். கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு தற்காலிகமாக இப்படி ஆவதுண்டு. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும் இப்படி வெளிப்படும். அப்போது பாலை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

லாக்டுலோஸ் கொடுத்துச் செய்தார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 5, 6, 9, 17, 34, 52, 61. '90 நிமிடத்துக்குள் 20 ஏறிவிட்டது, சிறுகுடலில் பாக்டீரியா மிகைப்பெருக்கம்' என்று ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார்கள். சாப்பிடட்டுமா டாக்டர்?

விதிப்படி பார்த்தால் அறிக்கை சரிதான். 2017-இல் வெளியான வட அமெரிக்க நிபுணர்களின் கருத்தொருமிப்பு, 90 நிமிடத்துக்குள் அடிப்படைக்கு மேல் 20 பிபிஎம் ஏறினால் பாசிட்டிவ் என்கிறது. உங்களுக்கு 80-ஆவது நிமிடத்திலேயே 29 ஏறியிருக்கிறது.

ஆனாலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. லாக்டுலோஸ் என்ற செயற்கைச் சர்க்கரையை எந்த மனிதராலும் செரிக்க முடியாது. அது எல்லோருக்கும் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும், அநேகமாக எல்லோருக்கும் வாயு ஏறும். ஆகவே இந்தப் பரிசோதனை முழுக்க முழுக்க நேரத்தை நம்பியே நிற்கிறது. 90 நிமிடத்துக்கு முன்னால் ஏறியது சிறுகுடலில், பின்னால் ஏறியது பெருங்குடலில் என்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் குடல் கடிகாரம் பார்த்து நகர்வதில்லை. பலருக்குக் குடித்த கரைசலின் முன்நுனி ஒரு மணி நேரத்திலேயே பெருங்குடலைத் தொட்டுவிடும். போதாக்குறைக்கு லாக்டுலோஸ் ஒரு மலமிளக்கி. தண்ணீரை இழுத்துக் குடலைத் தானே விரட்டும். கதிரியக்கக் குறி சேர்த்த திரவத்தை லாக்டுலோஸோடு கொடுத்துக் கேமராவில் பின்தொடர்ந்து பார்த்தபோது, 'சீக்கிரம்' என்று கருதப்பட்ட ஏற்றங்களில் பலவும் அது பெருங்குடலை அடைந்த பிறகே தொடங்கியிருந்தன.

உங்கள் கோட்டில் முதல் 40 நிமிடம் ஒன்றுமில்லை. 60-க்குப் பிறகு ஒரே ஏறுமுகம், இடையில் இறக்கம் இல்லை. வேகமாக நகரும் குடலிலும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். இதை மட்டும் வைத்து மிகைப்பெருக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

75 கிராம் குளுக்கோஸ் வைத்து மீண்டும் செய்யலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குளுக்கோஸ் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், சாதாரணமாகப் பெருங்குடலைப் பார்க்காது. அதில் ஹைட்ரஜன் ஏறினால், மேலே பாக்டீரியா இருப்பதாகக் கூடுதல் உறுதியோடு சொல்லலாம். அதிலும் குறை உண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும் பாக்டீரியா பெருகியிருந்தால் தவறவிடும். இரைப்பையில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்குக் குளுக்கோஸே வேகமாகக் கீழே ஓடிப் பொய்யான ஏற்றத்தைக் காட்டவும் கூடும்.

கோட்டைவிட உங்கள் வரலாறுதான் எனக்கு அதிகம் சொல்லும். குடலில் அறுவை சிகிச்சை, நீண்டகால சர்க்கரை நோய், தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் ஸ்கிளீரோடெர்மா, காரணம் தெரியாத எடைக்குறைவு, பி12 பற்றாக்குறை இவற்றில் ஏதாவது இருந்தால் மிகைப்பெருக்கத்துக்கான வாய்ப்பு கூடுகிறது, ஆன்டிபயாடிக்குக்கும் நியாயம் பிறக்கிறது. எதுவுமே இல்லையென்றால் மாத்திரையைத் தொடங்குமுன் இந்த உரையாடலை ஒருமுறை நடத்திவிடுங்கள்.

மூன்று மணி நேரமும் 2, 3, 4-ஐத் தாண்டவே இல்லை. ஆனால் லாக்டோஸ் குடித்ததும் வயிறு கல் மாதிரி ஊதிவிட்டது. 'நார்மல்' என்கிறார்கள். பத்து நாள் முன்னால் தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன்.

காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். ஹைட்ரஜனை உண்டாக்கும் பாக்டீரியாவையே மருந்து குறைத்திருந்தால், எவ்வளவு லாக்டோஸ் இறங்கினாலும் கோடு தரையிலேயே கிடக்கும். ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது கழித்துத்தான் இதைச் செய்ய வேண்டும். கொலோனோஸ்கோப்பிக்காகக் குடலைச் சுத்தம் செய்தவர்களும் அப்படியே காத்திருப்பது நல்லது.

இன்னொன்றையும் பாருங்கள். அறிக்கையில் மீத்தேன் என்று ஒரு பத்தி இருக்கிறதா? சிலர் குடலில் ஆர்க்கியா வகை நுண்ணுயிர்கள் அதிகம். அவை நான்கு மூலக்கூறு ஹைட்ரஜனை விழுங்கி ஒரு மூலக்கூறு மீத்தேனை விடுகின்றன. ஹைட்ரஜனை மட்டும் அளக்கும் கருவிக்கு அப்படிப்பட்டவர் 'நார்மல்' ஆகத் தெரிவார். எந்த நேரத்திலும் மீத்தேன் 10 பிபிஎம்-ஐத் தொட்டால் அது அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். மலச்சிக்கல் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மறுபடி செய்யும்போது இரண்டு வாயுவையும் அளக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

தொடக்க அளவே 28. பிறகு 17, 12, 19, 33. இதை எப்படிக் கணக்கிடுவது?

கணக்கிடவே கூடாது. 28 வந்த உடனேயே நிறுத்தி, வேறு நாள் வரச் சொல்லியிருக்க வேண்டும். முந்தைய இரவு சாப்பிட்ட பருப்போ பயறோ நார்ச்சத்தோ இன்னும் நொதித்துக்கொண்டிருக்கிறது. 12-லிருந்து 33-க்குப் போனது லாக்டோஸாலா பழைய சாப்பாட்டாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. அடுத்த முறை பரிசோதனைக்கு முந்தைய நாள் வெள்ளைச் சோறு, முட்டை, மீன், கறி என்று நொதிக்காத உணவோடு நிறுத்திக்கொண்டு, 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள். மலமிளக்கிகளை ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

ஹைட்ரஜன் 11 என்று அளந்துவிட்டு 22 என்று திருத்தி எழுதியிருக்கிறார்கள். தில்லுமுல்லா?

இல்லை, அதுதான் ஒழுங்கான வேலை. நமக்கு வேண்டியது நுரையீரலின் அடியிலிருந்து கடைசியாக வரும் காற்று. வாய், மூச்சுக்குழாயிலிருந்து வரும் முதல் காற்று அதில் கலந்தால் ஹைட்ரஜன் நீர்த்துப்போகும். எவ்வளவு கலந்தது என்பதைக் கரியமில வாயு காட்டிக்கொடுக்கும். அடிக்காற்றில் அது சுமார் 5.5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் மாதிரியில் 2.75 இருந்திருக்கும், அதாவது சரிபாதி. அதனால் ஹைட்ரஜனை இரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். கரியமில வாயு மிகவும் குறைந்துவிட்டால் மட்டும் பெருக்கியும் பயனில்லை, மறுபடி ஊத வேண்டும். சாதாரணமாக மூச்சை இழுத்து, சுமார் 15 விநாடி அடக்கி, முதல் பகுதியை விட்டுவிட்டு மீதியைப் பையில் ஊதினால் இந்தப் பிரச்சினையே வராது.

இடைவேளையில் ஒரு சிகரெட் பிடிக்கலாமா? தூங்கலாமா?

இரண்டும் வேண்டாம். புகையிலேயே ஹைட்ரஜன் இருக்கிறது, அளவு பொய்யாக எகிறும். தூக்கத்தில் மூச்சு மெதுவாவதால் ஏறும். நடைப்பயிற்சியோ மாடிப்படியோ மூச்சை வேகமாக்கி அளவை இறக்கிவிடும். தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரைக் கரைசலைக் குடிக்கும் முன் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். முதல் 15 நிமிடத்தில் சட்டென்று ஏறி அடுத்த மாதிரியிலேயே விழுந்துவிடும் எண் பெரும்பாலும் வாயில் உள்ள பாக்டீரியாவின் வேலைதான்.