மனைவி பெயரில் டெபாசிட், கணவனுக்கு நோட்டீஸ்

"2023 ஏப்ரலில் என் மனைவி பெயரில் 20 லட்சத்துக்கு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டோம். 8 லட்சம் நான் கொடுத்தது. 7 லட்சம் அவள் வேலையில் இருந்தபோது சேர்த்தது. 5 லட்சம் அவளுடைய அம்மா கொடுத்தது. வட்டி 1,40,000 ரூபாயை அவள் ரிட்டர்னில் காட்டினோம். முழு வட்டியையும் உங்கள் வருமானத்தோடு ஏன் சேர்க்கக் கூடாது என்று இப்போது எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. எப்படிப் பதில் எழுதுவது?"

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுங்கள். உங்கள் 8 லட்சத்துக்கான வட்டி உங்கள் வருமானம்தான். மனைவிக்குப் பணம் அன்பளிப்பாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்கு அவர் வரி கட்ட வேண்டாம். ஆனால் அந்தப் பணம் ஈட்டுகிற வருமானம், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64(1)(iv) பிரிவின்படி, கொடுத்த கணவரிடமே திரும்பி வருகிறது. அதை மறைக்கப் பார்த்தால், உண்மையிலேயே உங்கள் மனைவியுடையதாக இருக்கும் மீதி 12 லட்சத்தையும் அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

கணக்கு எளிது. 20 லட்சத்தில் 8 லட்சம் என்பது 40 சதவீதம். அப்படியானால் 56,000 ரூபாய் உங்களுடையது, 84,000 ரூபாய் உங்கள் மனைவியுடையது. பதிலின் முதல் பக்கத்திலேயே இதை எழுதுங்கள். 56,000 ரூபாயை என் வருமானத்தில் சேர்க்கச் சம்மதம், அதே தொகையை மனைவியின் வருமானத்திலிருந்து நீக்க வேண்டும், அந்த வட்டியில் வங்கி பிடித்த வரியான டிடிஎஸ்-இன் வரவை எனக்குத் தர வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்காமல் விட்டால் ஒரே வட்டிக்கு இரண்டு பேரும் வரி கட்டியதாக ஆகிவிடும்.

இனி 12 லட்சத்துக்கு வருவோம். "அது அவள் சம்பாதித்தது" என்ற வாக்கியம் மட்டும் ஆதாரமாகாது. பணம் எங்கே பிறந்தது, எந்தக் கணக்கு வழியாக வந்தது, எந்தத் தேதியில் டெபாசிட்டாக மாறியது என்கிற சங்கிலி அறுபடாமல் தெரிய வேண்டும். சம்பளச் சேமிப்புக்கு அவருடைய படிவம் 16, சம்பளக் கணக்கின் ஸ்டேட்மென்ட், வேலையை விட்டபோது பி.எஃப். வந்திருந்தால் அந்த வரவு ஆகியவற்றை வையுங்கள். ஸ்டேட்மென்ட்டில் டெபாசிட்டுக்குப் போன பற்றையும் அதற்கு முந்தைய இருப்பையும் மார்க்கர் பேனாவால் குறித்து, டெபாசிட் ரசீதின் எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். நூறு பக்கங்களைக் கட்டாகப் போடுவதைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் பேசும்.

"வீட்டுச் செலவை நீங்கள் பார்த்ததால்தானே அவர் சேமிக்க முடிந்தது?" என்று கேள்வி வரலாம். தயங்க வேண்டாம். நீங்கள் குடும்பச் செலவைப் பார்த்துக்கொண்டீர்கள், அவர் தன் சம்பளத்தைச் சேமித்தார். அவருடைய சம்பளம் நீங்கள் மாற்றிக் கொடுத்த சொத்து ஆகிவிடாது. ஆனால் அதே கணக்கில் நீங்கள் மாதாமாதம் பணம் போட்டிருந்தால், அது மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் செலவானதை அதே ஸ்டேட்மென்ட்டில் காட்டுங்கள்.

மாமியார் கொடுத்த 5 லட்சத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அவர் கையெழுத்திட்ட அன்பளிப்புக் கடிதம், பான் எண், பணம் அனுப்பிய அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றும் வேண்டும். அந்த ஸ்டேட்மென்ட்டை நீங்களே ஒருமுறை பாருங்கள். அனுப்புவதற்கு முந்தைய வாரம் உங்கள் கணக்கிலிருந்து 5 லட்சம் அங்கே போயிருந்தால், அது சுற்றி வந்த உங்கள் பணமாகவே கருதப்படும், ஏனெனில் "மறைமுகமாக" என்ற சொல்லும் சட்டத்தில் இருக்கிறது. நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரத்தின் நகலைச் சேர்த்துவிடுங்கள்.

8 லட்சத்தையும் காப்பாற்ற, அதை மனைவிக்குக் கொடுத்த கடன் என்று பழைய தேதியிட்டு ஒப்பந்தம் எழுதச் சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வட்டி கை மாறியதற்கு வங்கிப் பதிவே இல்லாத கடன் நிற்காது. வருமானம் குறைத்துக் காட்டப்பட்டதற்கான அபராதம் வரியில் 50 சதவீதம். உண்மையைத் திரித்ததாக முடிவானால் 200 சதவீதம்.

பதிலை இ-ஃபைலிங் தளத்தில் e-Proceedings பகுதிக்குள், நோட்டீஸில் போட்டிருக்கும் தேதிக்குள் பதிவேற்றுங்கள். ஆவணம் எதுவும் கையில் வரவில்லை என்றால், தேதி முடியுமுன் அங்கேயே அவகாசம் கேளுங்கள். பதிவேற்றியதும் கிடைக்கும் ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், இந்த டெபாசிட் முதிர்ந்ததும் 8 லட்சத்தையும் 12 லட்சத்தையும் தனித்தனி டெபாசிட்டாகப் போடுங்கள். அதுவரை உங்கள் பங்கு வட்டியை ஆண்டுதோறும் உங்கள் ரிட்டர்னில், உங்களோடு சேரும் பிறர் பெயர் வருமானத்துக்கான Schedule SPI பகுதியில் காட்டுங்கள். அந்த வட்டியையே உங்கள் மனைவி வேறு டெபாசிட்டில் போட்டால், அதிலிருந்து வரும் வட்டி அவருடைய வருமானம், உங்களோடு சேராது. அதற்கும் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.