ஊட்டித் தவளையும் கொடைக்கானல் தவளையும்: பெயர் யாருக்குச் சொந்தம்?

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகளில் பெயர் வைப்பதைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கொடைக்கானல் சோலை ஓடைகளில் இருக்கும் மரத்தவளையும் ஊட்டித் தவளையும் ஒன்றுதான் என்று படித்திருந்தேன். இப்போது இரண்டையும் பிரித்துவிட்டார்களாம். பழைய பெயர் ஏன் ஊட்டிக்குப் போனது? எங்களுடையதற்கு ஏன் புதுப் பெயர்?

நல்ல கேள்வி. பெயர் விதிகளின் மையமே இதில்தான் இருக்கிறது.

1853-இல் ஜெர்டன் என்ற கம்பெனி மருத்துவர் நீலகிரியில் கண்ட ஒரு மரத்தவளைக்கு ‘பாலிபெடேட்டஸ் வேரியபிலிஸ்’ என்று பெயர் வைத்தார். 2008-இல் பிஜுவும் ரோலன்ட்ஸ், பொசுயிட் ஆகியோரும் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டார்கள். இது பாலிபெடேட்டஸ் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல என்று தெரிந்தது. அதனால் ‘கட்டிக்சாலஸ்’ என்ற புதிய பேரினத்தை அமைத்தார்கள். அதே கட்டுரையில் பழனி மலைத் தவளையைத் தனி இனமாக விவரித்து ‘கட்டிக்சாலஸ் ஆஸ்டெரோப்ஸ்’ என்று பெயரிட்டார்கள். ஆஸ்டெரோப்ஸ் என்றால் நட்சத்திரக் கண் என்று பொருள்.

பழைய பெயர் யாருக்கு என்பதை அவர்கள் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. எந்த மலையில் தவளை அதிகம், எந்தப் பெயர் எங்கே பழகிவிட்டது என்பதெல்லாம் கணக்கில் வராது. ஓர் இனத்தின் பெயர் ஒரே ஒரு மாதிரி உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. அதை வகைமாதிரி என்கிறோம். ஓர் இனத்தை இரண்டாகப் பிரித்தால், வகைமாதிரி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பழைய பெயரும் போகும். மற்றதற்குப் பொருந்தும் பழைய பெயர் வேறு ஏதும் இல்லையென்றால் புதிதாக ஒன்று வைக்க வேண்டும். வேரியபிலிஸ் என்ற பெயர் பிறந்த இடம் நீலகிரி. ஆகவே அது அங்கேயே தங்கியது.

வகைமாதிரி தொலைந்துபோனால்? இனக் குழப்பத்தைத் தீர்க்கத் தேவைப்பட்டால் மட்டும் அதற்குப் பதிலாக இன்னொன்றை நியமிக்கலாம். அதையும் முடிந்தவரை முதல் மாதிரி கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஊட்டித் தவளையின் பெயருக்குக் கொடைக்கானலில் பிடித்ததை வைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

ஒரு வகைமாதிரியைப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். சாராயக் குப்பியில் நிறம் போன ஒரு தவளை, காலில் நூலால் கட்டிய சிறிய சீட்டு. அதில் எண், இடம், உயரம், தேதி. பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும் என்பதால் பென்சிலில் எழுதுவோம். அந்தச் சீட்டு அறுந்து இடம் எதுவென்று தெரியாமல் போனால், அந்த உடலை வைத்து ஊட்டியா கொடைக்கானலா என்ற வழக்கைத் தீர்ப்பது பெரும்பாடு.

குன்னூரில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையில் இதுவரை பார்க்காத நிறத்தில் ஒரு தவளை. புதிய இனமாக இருந்தால் என் பாட்டி பெயரை வைக்க முடியுமா?

முதலில், அதைப் பிடிக்காதீர்கள். மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். படம் எடுங்கள், கத்தும் ஒலியைப் பதிவு செய்யுங்கள், தேதியையும் இடத்தையும் குறித்து, தவளைகளில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு அனுப்புங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நம் மலைப் புதர்த்தவளைகளில் ஒரே இனம், ஒரே புதரில், பச்சையாகவும் பழுப்பாகவும் இருக்கும். மேலே சொன்ன ‘வேரியபிலிஸ்’ என்ற சொல்லுக்கே ‘மாறுபடுவது’ என்றுதான் பொருள். அதனால் வேலையின் பெரும்பகுதி ஒப்பிடுவதில்தான் போகும். அந்தப் பேரினத்தில் இதுவரை பெயர் பெற்ற எல்லாவற்றோடும், மறந்துபோன பழைய பெயர்கள் உட்பட, வைத்துப் பார்க்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன்பே யாராவது பெயரிட்டிருந்தால் அந்த முந்தைய பெயர்தான் செல்லும்.

உண்மையிலேயே புதிது என்றால் கட்டுரை வெளியாக வேண்டும். இது புதிய இனம் என்று அதில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது, வகைமாதிரி எது, எந்தக் காட்சியகத்தில் இருக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ் என்றால், 2012 முதல் அந்தக் கட்டுரையை ‘ஜூபேங்க்’ பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, பதிந்ததற்கான சான்றைக் கட்டுரையிலேயே காட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் பெயர் செல்லாது. நல்ல ஆராய்ச்சியும் இந்த ஓர் இடத்தில் சறுக்கும். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும்.

பாட்டி பெயருக்குத் தடை இல்லை. பெண் பெயர் என்பதால் லத்தீன் முறையில் முடிவு மாறும்; கமலா என்றால் ‘கமலே’ என்று வரும். ஆனால் பெயர் வைப்பவர் கட்டுரை எழுதுபவர்தான். அவரிடம் கேட்டுப் பாருங்கள். கண்டெடுத்தவரின் விருப்பத்தை மதிக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு.

செய்தித்தாளில் புதிய வண்டு ஒன்றின் பெயரைப் பார்த்தேன். கட்டுரை இன்னும் வரவில்லையாம். அந்தப் பெயரைப் பயன்படுத்தலாமா?

கொஞ்சம் பொறுங்கள். விளக்கமும் வகைமாதிரியும் இல்லாமல் வெளியான பெயர் வெற்றுப் பெயர். விதிப்படி அது பிறக்கவே இல்லை. இடையில் வேறொருவர் அதே பெயரை வேறு பூச்சிக்கு முறையாக வைத்துவிட்டால் அவருக்கே அது போய்விடும். கட்டுரைக்கு முன் பத்திரிகைக்குப் பெயர் சொல்லும் பழக்கத்தை நம் ஆட்கள் கைவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

நீலகிரி நெட்டைக்காலியின் பெயரில் ‘நில்கிரி’க்கு நடுவே, ஜி-க்குப் பின் ஒரு எச் வருகிறது. நீலகிரி திரஷ் பறவைக்கோ ‘நீல்கெரியென்சிஸ்’. ஏன் ஒரே மாதிரி திருத்தக் கூடாது?

வெள்ளைக்காரர்கள் நம் மலையை அந்தந்தக் காலத்தில் எப்படி எழுதினார்களோ அப்படியே பெயரில் நின்றுவிட்டது. முதல் வெளியீட்டில் உள்ள எழுத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. ஊர்ப்பெயரைத் தவறாக எழுத்துப்பெயர்த்தது என்பதற்காக அதைத் திருத்தக் கூடாது. லின்னேயஸ் நினைவாக வைக்கிறேன் என்று எழுதிவிட்டு ‘நின்னேயி’ என்று அச்சாகியிருந்தால், தவறு என்பதற்கு அந்தக் கட்டுரையே சாட்சி, அதைத் திருத்தலாம். ‘சரியான நீலகிரி’ என்று ஆளுக்கொரு எழுத்தில் திருத்தத் தொடங்கினால், ஒரே பறவையைப் பற்றிய 100 வருடக் குறிப்புகள் ஒன்றோடொன்று சேராமல் போகும்.

விகுதி மட்டும் விதிவிலக்கு. அது பேரினத்தின் பாலோடு மாறலாம். நம் நீலக்குறிஞ்சிக்கு நீஸ் வைத்தது ‘ஃப்ளெபோஃபில்லம் குந்தியானம்’. ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்துக்கு மாறியதும் ‘குந்தியானா’ ஆனது.

பெயர் நிலையானது என்கிறீர்கள். வரையாட்டின் பெயரே மாறிவிட்டதே?

மாறியது முதல் பாதி மட்டும். 1838-இல் ஆகில்பி வைத்த ‘ஹைலோக்ரியஸ்’ அப்படியே இருக்கிறது. இமயமலைத் தாரோடு சேர்த்து ‘ஹெமிட்ராகஸ் ஹைலோக்ரியஸ்’ என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். 2005-இல் வெளியான மரபணு ஆய்வு, நம் வரையாடு செம்மறிகளுக்கு நெருக்கம், இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பக்கம் என்று காட்டியது. அதனால் அது ‘நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ்’ ஆனது. முதல் பாதி உறவைச் சொல்வது; உறவைப் பற்றிய அறிவு திருந்தும்போது அதுவும் திருந்தத்தான் வேண்டும்.

இந்த மாற்றத்துக்குப் பெயரிலேயே ஓர் அடையாளம் உண்டு. ஆகில்பியின் பெயரும் 1838-உம் இப்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும். அப்படிப் பார்த்தால், இனத்துக்கு முதலில் பெயரிட்டவர் அவர், ஆனால் வைத்தது வேறு பேரினத்தில் என்று அர்த்தம். மேலே சொன்ன கட்டிக்சாலஸ் வேரியபிலிஸுக்குப் பின் ஜெர்டனும் 1853-உம் அடைப்புக்குறிக்குள்தான் வரும். ஆஸ்டெரோப்ஸுக்குப் பின் வரும் மூவரின் பெயருக்கும் அடைப்புக்குறி கிடையாது.