டைரக்‌ஷன் சரி, ஆனா அக்கவுண்ட் மைனஸ்: ஆறு வாரத்துல ஸ்வாப் தின்ன லாபம்

கேள்வி: சார், USD/JPY-ய 150.00-ல அரை லாட் செல் பண்ணி, கரெக்டா ஆறு வாரம் வச்சிருந்து 149.20-ல க்ளோஸ் பண்ணேன். 80 பிப் எனக்கு சாதகமா வந்துச்சு, Profit கட்டத்துல 268 டாலர் காட்டுச்சு. ஆனா க்ளோஸ் பண்ணதும் பேலன்ஸ் 13 டாலர் குறைஞ்சிருக்கு. Swap short -20-னு போட்டிருக்காங்க, நைட்டுக்கு 2 பிப், 30 நைட்டுக்கு 60 பிப்தானே போகணும்? ப்ரோக்கர் ஏமாத்துறாரா?

பதில்: ஏமாத்தல, கணக்கு சரியாத்தான் இருக்கு. ஸ்வாப்ங்கிறது ட்ரேடை ராத்திரி தாண்டி வச்சிருக்கிறதுக்கு தினமும் போடுற வட்டிக் கணக்கு. 30-னு எண்ணுனீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. சனி ஞாயிறு மார்க்கெட் மூடியிருந்தாலும் வட்டி ஓடிட்டேதான் இருக்கும். அந்த ரெண்டு நாள் வட்டியையும் சேர்த்து புதன்கிழமை ராத்திரி மூணு நாள் ஸ்வாப்பா எடுத்துடுவாங்க. ஏன் புதன்னா, ஸ்பாட் ட்ரேடு செட்டில் ஆக ரெண்டு வேலை நாள் ஆகும், புதன்கிழமை பொசிஷன் வெள்ளிக்கிழமை செட்டில் ஆகணும், அதை நியூயார்க் டைம் சாயங்காலம் 5 மணிக்கு ஒரு நாள் தள்ளினா வெள்ளி நேரா திங்களுக்குப் போயிடும், நடுவுல மூணு நாள் வட்டி. இப்படித் தள்ளுறதுக்குப் பேர்தான் ரோல்ஓவர். அதனால ஆறு வாரம்னா நீங்க கடந்தது 30 நைட்டா இருந்தாலும் கட்டுனது 42 நாள் வட்டி.

இப்ப உங்க ட்ரேடையே போட்டுப் பாப்போம். அரை லாட்னா 50,000 டாலர். USD/JPY-ல ஒரு பிப் 0.01 யென், ஒரு பாயிண்ட் அதுல பத்துல ஒரு பங்கு, 0.001 யென், அப்ப 20 பாயிண்ட்னா ஒரு நாளைக்கு 1,000 யென். 42 நாளைக்கு 42,000 யென். 80 பிப்ல உங்களுக்கு வந்தது 40,000 யென். 2,000 யென் பத்தல, அதுதான் அந்த 13 டாலர். Profit கட்டம் விலை நகர்ந்ததை மட்டும்தான் காட்டும், பக்கத்துல Swap-னு தனியா ஒரு கட்டம் இருக்கும், ரெண்டையும் கூட்டினாதான் உங்க உண்மையான நிலைமை. நிறைய பேர் அந்த Swap கட்டத்தை திரையில இருந்து மறைச்சு வச்சிருக்காங்க, தயவுசெஞ்சு அதை மறுபடி கொண்டுவாங்க.

இந்தக் காசு எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சா கோவம் கொஞ்சம் குறையும். டாலரை செல் பண்ணி யென் வாங்குறதுன்னா, நீங்க டாலரைக் கடன் வாங்கி வித்துட்டு யெனைக் கையில வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். டாலர் கடனுக்கு வட்டி அதிகம், யெனுக்குக் கிடைக்கிற வட்டி ரொம்ப கம்மி, அந்த வித்தியாசத்தை நீங்க தினமும் கட்டுறீங்க. வித்தியாசம் வருஷத்துக்கு 4 சதவீதம்னு வைங்க, 150-ஐ 0.04-ஆல பெருக்கி 360-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 0.0167 யென், அதாவது 16.7 பாயிண்ட் வரும். உங்ககிட்ட 20 எடுத்திருக்காங்க, மீதி 3 சொச்சம் ப்ரோக்கர் மார்க்கப். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கு: மெட்டாட்ரேடர்னா Market Watch-ல அந்த ஜோடி மேல ரைட் கிளிக் பண்ணி Specification திறந்து Swap long, Swap short ரெண்டையும் பாருங்க. லாங் +13, ஷார்ட் -20-னு இருந்தா நடுவுல 16.5, அதுதான் கிட்டத்தட்ட உண்மையான வட்டி, ரெண்டுக்கும் இருக்கிற 7 பாயிண்ட் இடைவெளி ப்ரோக்கரோடது. ஒரு நாள் ட்ரேடுக்கு இது தூசு. ஆனா உங்க சைஸ்ல வருஷம் முழுக்க வச்சிருந்தா அதுல ஷார்ட் பக்கத்துப் பாதி மார்க்கப் மட்டுமே 400 டாலர் பக்கம் வரும், அதனால வாரக்கணக்குல பிடிக்கிறவங்க, வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இருக்கிற ஸ்ப்ரெட்டைப் பாத்து ப்ரோக்கரைத் தேர்ந்தெடுக்காதீங்க, இந்த இடைவெளியைப் பாருங்க.

இன்னொண்ணு, லெவரேஜ். ஸ்வாப் உங்க மார்ஜினுக்குக் கணக்காகாது, முழு 50,000 டாலருக்குத்தான். 1:50-ல நீங்க போட்ட மார்ஜின் 1,000 டாலர்னா, ஆறு வாரத்துல ஸ்வாப் மட்டும் 281 டாலர், அதாவது போட்ட காசுல 28 சதவீதம். 4 சதவீத வட்டின்னு கேட்டா சின்னதா தெரியுது, உங்க கை காசுல எடுத்துப் பாத்தா பயமா இருக்கு.

அப்ப திருப்பிப் போட்டு லாங் எடுத்தா தினமும் காசு வருமேன்னு அடுத்து தோணும், எனக்கு வர்ற லெட்டர்ல பாதி இதைத்தான் கேக்குது. அதுதான் கேரி ட்ரேடு: வட்டி கம்மியான கரன்சியைக் கடன் வாங்கி வட்டி அதிகமான கரன்சியில வைக்கிறது. +13 பாயிண்ட்னா வாரத்துக்கு 9 பிப் சொச்சம் வரும், சும்மா உக்காந்திருந்தா போதும்னு தோணும். 2024 ஜூலை ஆரம்பத்துல USD/JPY 162 கிட்ட இருந்துச்சு. ஜூலை 31-ம் தேதி ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதத்துக்கு ஏத்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு அமெரிக்க வேலைவாய்ப்பு டேட்டா பலவீனமா வந்துச்சு, யென் கடன் வாங்கியிருந்தவங்க எல்லாரும் ஒரே கதவு வழியா வெளிய ஓட, ஆகஸ்ட் 5-ம் தேதி 142-க்குக் கீழ போயிடுச்சு. ஒரு மாசத்துல 20 யென், அதாவது 2,000 பிப். வாரத்துக்கு 9 பிப் ஸ்வாப் சேத்து அதை ஈடுகட்ட நாலு வருஷத்துக்கு மேல ஆகும், அதுவும் அதுக்குள்ள மார்ஜின் பத்தலன்னு மார்ஜின் கால் வராம இருந்தா. ஸ்வாப் வருதுங்கிற ஒரே காரணத்துக்காக லாங் எடுக்காதீங்க, இதை நான் ரொம்ப அழுத்தியே சொல்றேன்.

ஸ்வாப்-ஃப்ரீ அக்கவுண்ட்டுக்கு மாறலாமான்னு கேப்பீங்க. பல இடத்துல சில நாளைக்கு அப்புறம் அட்மின் சார்ஜ்னு வேற பேர்ல எடுப்பாங்க, ஆறு வாரக் கணக்கை அந்தச் சார்ஜோட போட்டுப் பாத்துட்டு மாறுங்க. ஃப்யூச்சர்ஸ் போனாலும் வட்டி வித்தியாசம் விலையிலேயே அடங்கியிருக்கும், ப்ரோக்கர் மார்க்கப் மட்டும்தான் உங்களுக்கு மிச்சமாகும்.

அடுத்த ட்ரேடுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. 20 பாயிண்ட்னா நாளைக்கு 2 பிப், வாரத்துக்கு 14 பிப், இதை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. 150.00-ல ஷார்ட் எடுத்தா உங்க ப்ரேக்-ஈவன் 150.00-லயே நிக்காது, வாரா வாரம் கீழ இறங்கிட்டே இருக்கும்: மூணு வாரத்துல 149.58, ஆறு வாரத்துல 149.16. ஸ்டாப்பை என்ட்ரி விலைக்கு நகர்த்திட்டு இனி நஷ்டமில்லன்னு நிம்மதியா இருக்கிறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க, மூணாவது வாரம் 150.00-ல ஸ்டாப் அடிச்சா 42 பிப் நஷ்டம். ஸ்டாப்பை அந்த இறங்குற விலைக்கு வச்சுக் கணக்குப் போடுங்க. ஸ்வாப் ரேட்டும் நிலையா இருக்காது, மத்திய வங்கி வட்டியை மாத்துனா மாறும், ப்ரோக்கரும் அப்பப்ப மாத்துவாங்க, அதனால வாரத்துக்கு ஒரு தடவை Specification-ஐத் திறந்து பாத்துடுங்க.

அதே 80 பிப் ரெண்டு வாரத்துல வந்திருந்தா ஸ்வாப்புக்கு 28 போக 52 பிப் உங்க கையில நின்னிருக்கும். அதனால இந்தச் சைடுல ட்ரேடு எடுக்கும்போது விலைக்கு ஸ்டாப் வைக்கிற மாதிரி நாளுக்கும் ஒரு ஸ்டாப் வைங்க, ரெண்டு மூணு வாரத்துல நகரலன்னா வெளிய வந்துடுங்க, வர்றதா முடிவு பண்ணிட்டா புதன்கிழமை ரோல்ஓவருக்கு முன்னாடியே வாங்க. ஆனா நியூயார்க் டைம் 5 மணிக்கு ஒட்டி க்ளோஸ் பண்ணாதீங்க, அந்த நேரத்துல ஸ்ப்ரெட் நல்லா விரியும், ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடியே முடிச்சிடுங்க.